கஷ்டமான பாடத்தை எந்த நேரத்தில் படிப்பது? பன்னிரண்டு நாள் நோட்டுப் போட்டுப் பாருங்கள்

என் சித்தி மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, பத்து மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள். ஒருநாள் காலையில் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, "அண்ணே, தமிழ் ஓகே, பொது அறிவு ஓகே, கணக்கு மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்று நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

புரட்டிப் பார்த்தேன். ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 18 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்கிற வழக்கமான கணக்கு. 1/12 + 1/18 = 2/30 என்று எழுதி, விடை 15 நாள் என்று கோடு வேறு போட்டிருந்தாள். மேலேயும் கீழேயும் அப்படியே கூட்டியது ஒரு தப்பு, சரி, அது யாருக்கும் வரும். தனியாகவே 12 நாளில் முடிக்கிற ஆள், துணைக்கு ஒருவர் வந்த பிறகு 15 நாள் எடுப்பாரா என்று கேட்டுக்கொள்ளாமல் அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறாளே, அதுதான் எனக்கு உறுத்தியது. "இதை இப்பப் போடு" என்றேன். பொதுவாக 36 எடுத்தாள், 3/36, 2/36, கூட்டினால் 5/36, அப்படியென்றால் 36/5, ஏழு நாளும் ஐந்தில் ஒரு பங்கும். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நோட்டுல இருக்கிறதை எப்பப் போட்ட?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு. அம்மாதான் எழுப்பி விடுவாங்க."

நான் அவளைக் கணக்குப் போடச் சொன்னபோது மணி ஏழரை. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, அஞ்சு மணிக்கு வராது, அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பன்னிரண்டு நாள் ஒரு நோட்டுப் போட்டோம். அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், நீங்கள் எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் முறை இதுதான், பாடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தூக்கத்தைச் சரிபண்ணுங்கள், நோட்டு அப்புறம்

நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் தன் உடம்பின் நல்ல நேரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. நாள் முழுவதும் அசதி இருந்தால் எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் தெரியும், நோட்டில் வருவது தூக்கக் கடனின் கணக்குத்தானே தவிர உங்கள் உடம்பின் போக்கு இல்லை. அதனால் முதல் நாலு நாள் எதையும் அளக்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல். ஞாயிற்றுக்கிழமை என்று பத்து மணி வரை தூங்கினால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உடம்பு பின்னால் தள்ளித்தான் ஓடும், அந்த இரண்டு நாள் எழுதியது வீண்.

நாலு நாள் ஒழுங்காகத் தூங்கியும் பகல் முழுக்க எழவே முடியாத சோர்வு இருந்தால் அது கால அட்டவணை விஷயமில்லை. இரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், டாக்டரைப் பார்த்து ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போனில் எழுதலாம்தான், ஆனால் போனை எடுத்தால் எழுத எடுத்தது மறந்து வேறெங்கோ போய்விடுவோம் என்பது உங்களுக்கே தெரியும். நான் நோட்டைத்தான் சொல்வேன்.

ஒரு நாளை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நாங்கள் வைத்தது: விடியற்காலை 5:15, காலை 7:15, மதியம் 2:30, சாயங்காலம் 6:30, இரவு 8:45, இரவு 10:30. கடைசி இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருக்கிறதே என்று தோன்றலாம், அவள் வழக்கமாகப் படிக்கும் நேரங்கள் அவை, அதனால் வைத்தோம். நீங்கள் உண்மையில் புத்தகத்தோடு உட்காரக்கூடிய நேரங்களை மட்டும் வைத்தால் போதும். கடையில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் பதினோரு மணி அவளுக்குப் பொன்னான நேரமாகவே இருந்தாலும் அதனால் பிரயோஜனம் என்ன?

ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு விஷயம் எழுதவேண்டும். முதலாவது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண். கண் சொருகுகிறது என்றால் ஒன்று, யாராவது கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் சொல்வேன் என்றால் ஐந்து. யோசிக்காமல் மனதில் பட்டதைப் போடுங்கள். ஆறு வேளையும் தினமும் இதை எழுதலாம், ஐந்து நொடி வேலை.

இரண்டாவதுதான் முக்கியம், அதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. ஒரு குட்டிச் சோதனை. பழைய வினாத்தாள்களிலிருந்து கணக்குகளை எடுத்து, கலந்துகட்டி, பத்துப் பத்தாகச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கணக்கு, பன்னிரண்டு நிமிஷம், மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். பத்தில் எத்தனை தப்பு, போடாமல் விட்டதையும் தப்பாகவே எண்ணி, அந்த எண்ணை எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம், சலித்துப்போகும். பன்னிரண்டு நாளில் 24 சோதனை, ஆறு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு நாலு.

கணக்கே இல்லாத படிப்பு என்றால் வேறு மாதிரி செய்யலாம். இதுவரை படிக்காத ஒரு பக்கத்தைப் பத்து நிமிஷம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருக்கும் செய்திகளை எழுதுங்கள். மறுநாள் மதியம் அதே பக்கத்தைப் பார்க்காமல் இன்னொரு தடவை எழுதுங்கள். மறுநாள் எழுத முடிந்ததை மட்டும் எண்ணிக்கையில் சேருங்கள். படித்த கையோடு எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். முதல் நாலு நாள் விடியற்காலைச் சோதனை, அடுத்த நாலு நாள் காலைச் சோதனை என்று வரிசையாக வைக்காதீர்கள். பத்து நாள் கணக்குப் போட்டுப் பழகினால் யாருக்கும் தப்பு குறையும், கடைசியாகச் சோதித்த நேரம்தான் சிறந்தது என்று நோட்டு பொய் சொல்லும். வேளைகளைக் கலைத்துப் போடுங்கள், இன்று 7:15-ம் 10:30-ம் என்றால் நாளை 2:30-ம் 8:45-ம் என்று. விடியற்காலைச் சோதனை இருக்கும் நாளுக்கு முந்தின இரவு அவளை ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னோம். தூக்கம் கெட்டுப்போய் அதைக் காரணம் காட்டி அஞ்சு மணியை ஒதுக்கினோம் என்று சித்தி சொல்லிவிடக்கூடாது பாருங்கள்.

டீ குடித்தால் பக்கத்தில் 'டீ' என்று ஒரு எழுத்து போட்டுவிடுங்கள். உள்ளே போன காஃபீன் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு, நான் ராத்திரி ஆள் என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். மாதவிடாய் நாட்கள், காய்ச்சல், வீட்டில் சண்டை, இவற்றையும் ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள். அந்த நாளின் எண்ணைத் தனியாக ஒதுக்க உதவும்.

அவள் நோட்டில் வந்தது

பன்னிரண்டு நாள் முடிந்து கூட்டிப் பார்த்தோம். வேளைக்கு நாலு சோதனை, ஆக நாற்பது கணக்கு. அதில் தப்பு எத்தனை என்று பார்த்தால்: விடியற்காலை 5:15-க்கு 18, காலை 7:15-க்கு 6, மதியம் 2:30-க்கு 15, சாயங்காலம் 6:30-க்கு 12, இரவு 8:45-க்கு 7, இரவு 10:30-க்கு 17.

காலை ஏழே காலும் இரவு எட்டே முக்காலும் தெளிவாகத் தனித்து நின்றன. மதியம் மோசம் என்பது அவளுக்கே தெரியும். எங்களைத் திடுக்கிட வைத்தது பத்தரை மணி. அந்த வேளைக்கு அவள் தனக்குத்தானே போட்டிருந்த எண் பெரும்பாலும் நாலு. எட்டே முக்காலுக்கும் அதே நாலுதான். ஆனால் தப்பு ஒன்றில் ஏழு, இன்னொன்றில் பதினேழு.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. உற்சாகம் வேறு, கூர்மை வேறு. பத்தரை மணிக்கு வீடு அடங்கிவிடும், டிவி நின்றிருக்கும், யாரும் "ஏய் இங்க வா" என்று கூப்பிடமாட்டார்கள், அந்த நிம்மதியே ஒரு தெம்பு மாதிரி இருக்கும். பக்கம் பக்கமாகப் படித்ததாகத் தோன்றும். அந்த நேரத்துப் பக்கங்களைப் பார்த்தேன், கையெழுத்து அழகாக இருந்தது, அடிக்கோடு சிவப்பு மை, கூட்டு வட்டிக் கணக்கில் மூன்றாம் வருஷத்தை விட்டுவிட்டு விடை எழுதியிருந்தாள். சோர்ந்திருக்கும் மூளைக்குத் தான் செய்வது சரிதானா என்று சோதிக்கும் புத்தியும் குறைந்துவிடும். 15 நாள் என்று கோடு போட்டதும் அதேதான். அதனால் எப்படி இருக்கிறது என்ற எண்ணை மட்டும் நம்பி அட்டவணை போட்டால் பாதிப் பேர் தங்கள் மோசமான நேரத்தில் கணக்குப் போட உட்காருவார்கள்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் நம்பலாம்? நாற்பதில் ஏழுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் கிடையாது, இரண்டும் ஒன்றுதான். ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் கொஞ்சம் சந்தேகம். இரண்டு மடங்குக்கு மேல் போனால், அதுவும் ஒரே ஒரு மோசமான நாளால் வந்ததாக இல்லாமல் நாலு நாளிலும் பரவலாக இருந்தால் நம்புங்கள்.

ஏன் இப்படி

இரண்டு விசைகள் சேர்ந்து இழுக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும் தூக்கச் சுமை. மற்றது, உடம்புக்குள் ஓடும் சுமார் 24 மணி நேரக் கடிகாரம். அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். உடம்பின் உள்வெப்பம் இந்தக் கடிகாரத்தோடு ஏறி இறங்கும், வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஆகக் கீழே இருக்கும், கூர்மையும் ஏறக்குறைய அதோடு சேர்ந்தே போகும். ஆறு மணிக்கு எழுந்து பழகிய பெண்ணை நாலரைக்கு எழுப்பினால் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் உட்கார வைக்கிறோம். போதாததற்கு எழுந்தவுடன் ஒரு மந்தம் இருக்கும், அரை மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட.

மதியத் தூக்கம் சோற்றால் மட்டும் வருவது என்று நினைக்கிறோம். சாப்பிடாமல் இருந்தாலும் பிற்பகலில் ஒரு சரிவு வரும், அது கடிகாரத்தின் வேலை. வயிறு முட்டச் சாப்பிட்டால் பள்ளம் இன்னும் ஆழமாகும், அவ்வளவே. அப்புறம் சாயங்காலம் தாண்டி, படுக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கடிகாரம் ஒரு தடவை தூக்கிப் பிடிக்கும், தூக்கமே வராது. அவளுடைய எட்டே முக்கால் அதுதான். அது இறங்கிய பிறகு சுமை மொத்தமும் தலையில் உட்காரும், அது பத்தரை.

இந்தக் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே நேரம் காட்டாது. பதின்ம வயதில் பின்னால் தள்ளிக்கொண்டே போய் இருபது வயதையொட்டி ஆகப் பிந்தி ஓடும், அதன்பிறகு மெல்ல முன்னால் வரும். எங்கள் சித்தி முப்பது வருஷமாக நாலரை மணிக்கு எழுகிறவர். அஞ்சு மணிக்கு அவர் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் மனதிலேயே போடுவார், ஒரு ரூபாய் பிசகாது. "விடியக்காலம் படிச்சாத்தான் ஏறும்" என்று அவர் சொன்னது பொய்யே இல்லை, அது அவருடைய கடிகாரம். ஐம்பது வயதுக்காரரின் நல்ல நேரத்தை இருபத்திரண்டு வயதுக்காரிக்கு மாட்டிவிட்டதுதான் பிரச்சினை.

எது கஷ்டமான வேலை

நல்ல நேரம் தெரிந்துவிட்டது. அதில் எதை வைப்பது? இங்கே நிறையப் பேர் சறுக்குவார்கள். நீளமான பாடம்தான் கஷ்டம் என்று நினைத்து, பத்தாம் வகுப்பு வரலாற்றைத் தூக்கி நல்ல நேரத்தில் வைத்துவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு எளிய சோதனை: பக்கத்தில் டிவி ஓடும்போதும் செய்ய முடிகிற வேலை என்றால் அது இலேசு. குறிப்பைப் படியெடுப்பது, நடப்பு நிகழ்வுகளை வெட்டி ஒட்டுவது, ஏற்கெனவே மனப்பாடமான குறளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, இதெல்லாம் இலேசு. ஒரே நேரத்தில் மூன்று நாலு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டு நடுவில் ஒன்று நழுவினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியது எதுவோ, அது கஷ்டம். இதுவரை போடாத வகைக் கணக்கு, முதல் தடவை படிக்கும் அரசியலமைப்புப் பாடம், மாதிரித் தேர்வில் செய்த தப்புகளை ஏன் செய்தோம் என்று ஆராய்வது, இவை மூன்றும் அவளுக்குக் கஷ்டப் பட்டியலில் வந்தன. கடைசியாகச் சொன்னதை யாரும் கஷ்டம் என்று எண்ணுவதில்லை, தூக்கக் கலக்கத்தில் விடைக்குறிப்பைப் பார்த்து டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரே பாடம் இரண்டு பக்கமும் வரும் என்பதையும் கவனியுங்கள். அடிப்படை உரிமைகளில் 14 முதல் 18 வரை சமத்துவம், 19 முதல் 22 வரை சுதந்திரம், 23, 24 சுரண்டலுக்கு எதிரானது என்று முதல்முறை புரிந்து அடுக்கிக்கொள்வது கஷ்டம். அடுக்கிய பிறகு சின்னச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு "22 எதில் வரும்?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது பிற்பகல் சரிவில்கூடச் செய்யலாம்.

குரூப் 4-ல் 200 கேள்வி, தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் மனத்திறனும் சேர்ந்து 25. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். வெறும் 25 கேள்விக்கா நாளின் நல்ல நேரத்தைக் கொடுப்பது என்று அவளும் கேட்டாள். நியாயமான கேள்விதான். தமிழில் அவள் ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுக்கொண்டிருந்தாள், அங்கே இன்னும் உழைத்தால் நாலைந்து கூடும். கணக்கில் 25-க்கு 11, அங்கேதான் இடம் இருந்தது. உங்களுக்கு அது மாறாக இருந்தால் நல்ல நேரத்தில் தமிழ் இலக்கணத்தை வையுங்கள்.

அட்டவணை போட்டபோது

காலை 7:15 முதல் 8:45 வரை கணக்கு. இரவு 8:30 முதல் 9:45 வரை புதுப் பாடம், பெரும்பாலும் அரசியலமைப்பும் பொருளாதாரமும். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல நேரம் என்பது பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான் தேறும். ஐந்து மணி நேரம் நல்ல நேரம் இருக்கிறது என்று உங்கள் நோட்டு சொன்னால், சோதனைக்கு வைத்த கணக்கு சுலபமாக இருந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் சீட்டுக் கேள்விகள். சாயங்காலம் ஆறரைக்கு, பன்னிரண்டு தப்பு வந்த அந்த நடுத்தர வேளைக்கு, பழைய வினாத்தாளில் தமிழ்ப் பகுதி. பத்து மணிக்கு மேல் மறுநாளுக்கான பத்துக் கணக்கைச் சீட்டில் எடுத்து எழுதி வைத்துவிட்டுப் படுக்கை. இந்தக் கடைசிச் சின்ன வேலை நல்ல பலன் தரும். காலை ஏழே காலுக்கு உட்கார்ந்து எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தேடினால் நல்ல நேரத்தில் இருபது நிமிஷம் தேடலிலேயே போய்விடும்.

விடியற்காலையை என்ன செய்தோம்? தூங்கச் சொன்னோம். ஆறு மணிக்கு எழுந்தால் போதும்.

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வீட்டில்தான் இடித்தது. ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், எட்டு வரைதான் வரும், பிடிப்பது அவள் வேலை. எட்டரைக்கு இரவுச் சாப்பாடும் சீரியலும். தண்ணீருக்காகக் கணக்கை ஆறு மணிக்குத் தள்ளலாமா என்று அவளே இறங்கி வந்தாள், நான் கூடாது என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சித்தியிடம் காட்டினோம்.

"சித்தி, அஞ்சு மணிக்கு நாப்பதுல பதினெட்டு தப்பு. ஏழேகாலுக்கு ஆறு. ரெண்டும் இவ போட்டதுதான்."

சித்தி நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். "அப்ப நான் எழுப்பி விட்டதெல்லாம் வேஸ்டா?" என்றார், கொஞ்சம் கோபமாகத்தான். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து தண்ணி நீ பிடி, அக்கா சாயங்காலம் வந்து பாத்திரம் தேய்ப்பா" என்று பேச்சை முடித்துவிட்டார். ஆறிலிருந்து ஆறரை வரை பாத்திரம், அவள் களைத்து வரும் நேரம், தலைக்கு வேலை இல்லாத வேலை, அதுவும் பொருந்திப் போயிற்று. சாப்பாடு எட்டு மணிக்கு வந்தது. சீரியலை நிறுத்த முடியவில்லை, அவள் மாடிப்படி அடியில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் கேட்கும்போது வெறுமனே "அந்த நேரத்துல என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொன்னால் எடுபடாது. எண்களைக் காட்டுங்கள், அதோடு அந்த வேலையை நான் வேறு நேரத்தில் செய்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

இரண்டு வாரம் கழித்து நல்ல நேரத்திலும் மோசமான நேரத்திலும் ஒவ்வொரு குட்டிச் சோதனை வையுங்கள். நல்ல நேரத்தில் தப்பு குறைந்திருக்க வேண்டும். அப்படியே நின்றால் இரண்டு காரணத்தில் ஒன்று இருக்கும்: நல்ல நேரத்தில் உட்கார்ந்து இலேசான வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள், இல்லையென்றால் நேரம் பிரச்சினையே இல்லை, அந்தப் பாடத்தின் அடிப்படை புரியவில்லை. இரண்டாவதுக்கு அட்டவணை மருந்தாகாது. பின்னம் கூட்டத் தெரியாதவர் எந்த நேரத்தில் உட்கார்ந்தாலும் 2/30 என்றுதான் எழுதுவார், அவருக்கு வேண்டியது ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்.

மோசமான நேரத்தை முழுக்க ஓய்வாக்கிவிடுவதும் ஒரு தப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இருக்கிற நேரமே கொஞ்சம், அதில் பாதியைச் சரிவு என்று ஒதுக்கினால் தமிழ்ப் பாடத்தை எப்போது முடிப்பது? லீவு நாளில் மதியம் இருபது நிமிஷம் தூங்கலாம், அலாரம் வைத்துக்கொண்டு. ஒரு மணி நேரம் ஆழ்ந்து தூங்கி எழுந்தால் அந்த மந்தம் திரும்ப வந்து சாயங்காலத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.

இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் கடிகார மணியை விட்டுவிட்டு, எழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதிப் பாருங்கள். ஷிப்ட் வாராவாரம் மாறினால் ஒரு வாரத்து நோட்டு அடுத்த வாரத்துக்கு உதவாது, அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

தேர்வு நேரம் என்று ஒன்று இருக்கிறதே

குரூப் 4 காலை 9:30 முதல் 12:30 வரை. உங்கள் நல்ல நேரம் இரவு ஒன்பது மணி என்றால் தேர்வு ஆணையம் உங்களுக்காக நேரத்தை மாற்றப் போவதில்லை. கடைசி மூன்று வாரம் எழும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை பதினைந்து நிமிஷம் முன்னால் நகர்த்துங்கள், எழுந்ததும் வாசலிலோ மாடியிலோ வெளிச்சத்தில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள், இரவில் அதே அளவு முன்னால் படுங்கள். காலை வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்தை முன்னால் திருப்பும் சாவி. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்தால் உடம்பு கேட்காது, சித்தி மகளின் அஞ்சு மணிக் கதைதான் மறுபடி.

கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் முழு மாதிரித் தேர்வைச் சரியாக 9:30-க்கு எழுதுங்கள், இட்லி சாப்பிட்டுவிட்டு, டீயும் தேர்வு நாளில் குடிக்கும் அளவோடு. அவள் இப்படி மூன்று ஞாயிறு எழுதினாள். மூன்றிலும் பதினொன்றரைக்கு மேல் கொஞ்சம் தொய்வு வந்ததை அவளே கண்டுபிடித்தாள், கடைசியில் வைத்திருந்த கணக்கில்தான் தப்பு குவிந்தது. நாலாவது ஞாயிறு தமிழை முதலில் ஒரு ஐம்பது கேள்வி வேகமாக முடித்துவிட்டு, பத்து மணி வாக்கில் கணக்குக்குத் தாவி, மீதித் தமிழைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். கணக்கில் 25-க்கு 19. வினாத்தாளின் வரிசையிலேயே எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஓஎம்ஆர் தாளில் கேள்வி எண்ணைப் பார்த்து வட்டத்தை நிரப்பினால் போதும். தாவித் தாவி எழுதும்போது வட்டம் ஒன்று தள்ளிப் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாவது ஞாயிறு அவளுக்கு அதுவும் நடந்தது, பதினோரு கேள்வி போயிற்று.